பழைய வங்கிக் கணக்குக்கு மறுபடியும் கேஒய்சி: வீடியோ வழியில் முடிக்கும் முழு வழிகாட்டி

கேஒய்சிக்கு, அதாவது உங்கள் அடையாளத்தையும் முகவரியையும் வங்கி சரிபார்ப்பதற்கு, கணக்கு தொடங்கும்போதே எல்லாம் கொடுத்தாயிற்றே, மறுபடியும் எதற்கு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஒருமுறை கொடுத்த ஆவணம் ஆயுளுக்கும் செல்லாது என்பது ரிசர்வ் வங்கி விதி. போன வருடம் என் பெரியம்மாவுக்கு இந்த வேலையை வீடியோ வழியாக முடித்துக் கொடுத்தேன். இரண்டு முறை தோற்று மூன்றாவது முறைதான் முடிந்தது. அதற்குப் பிறகு தெருவில் ஏழெட்டுப் பேருக்கு உட்கார்ந்து செய்திருக்கிறேன். பெரும்பாலும் தடுக்கி விழுவது வீடியோ அழைப்பில் இல்லை, அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாததில்தான். அதனால் வரிசையை மாற்றாமல் படியுங்கள்.

## 1. முதலில் கெடு தேதியைக் கண்டுபிடியுங்கள்

கணக்கு தவறாகப் பயன்படும் ஆபத்தைப் பொறுத்து வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளரையும் மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆபத்து அதிகம் என்று வகைப்படுத்தியவர்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, நடுத்தரத்துக்கு 8 ஆண்டு, குறைவு என்றால் 10 ஆண்டு. கடைசியாக கேஒய்சி செய்த நாளிலிருந்து கணக்கு. சம்பளக்காரர், ஓய்வூதியதாரர், சிறு சேமிப்பு வைத்திருப்பவர் போன்ற பெரும்பாலோர் மூன்றாவது வகையில் வருவார்கள்.

நீங்கள் எந்த வகை என்று கிளையில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கக் கூடாது என்பதே விதி. கவுன்டரில் இதற்காகச் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், வீண். "என் கேஒய்சி எந்தத் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும்?" என்று கேளுங்கள், அதைச் சொல்வார்கள். சில வங்கிகளின் செயலியில் சுயவிவரப் பக்கத்திலேயே தேதி இருக்கும்.

பெரியம்மா கடைசியாக ஆவணம் கொடுத்தது 2015 மார்ச்சில். ஆக 2025 மார்ச்சில் கெடு முடிந்தது. ஆனால் 2025 ஜூன் 12 அன்று ரிசர்வ் வங்கி ஒரு தளர்வு கொடுத்தது. ஆபத்து குறைவான தனிநபர்களுக்குக் கெடு தாண்டினாலும் பரிவர்த்தனையை நிறுத்தக் கூடாது. கெடுவிலிருந்து ஓராண்டு, அல்லது 2026 ஜூன் 30, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை நேரம் உண்டு. பெரியம்மாவுக்கு ஓராண்டு 2026 மார்ச்சில் முடிகிறது, ஜூன் 30 அதற்குப் பின்னால் வருகிறது, ஆகவே ஜூன் 30 வரை. கெடு 2026 நவம்பரில் வருபவருக்கு 2027 நவம்பர் வரை. மற்ற இரண்டு வகைக்கும் இந்தச் சலுகை இல்லை. எந்த வகை என்று உங்களுக்குத் தெரியாது என்பதால், தளர்வை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

## 2. வந்த செய்தி வங்கியிலிருந்துதான் வந்ததா?

கெடுவுக்கு முன்னால் வங்கி குறைந்தது மூன்று முறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது தபாலில் வர வேண்டும். கெடு தாண்டிய பிறகும் அதேபோல மூன்று நினைவூட்டல், ஒன்று தபாலில். வீடு மாறி முகவரியைப் புதுப்பிக்காதவர்களுக்குத் தபால் பழைய வீட்டுக்குப் போய்விடும். "எனக்கு எதுவுமே வரலையே" என்று சொல்பவர்களில் பலர் இந்த ரகம்.

இன்னொரு பக்கம், கேஒய்சி என்ற பெயரில்தான் மோசடிக் குறுஞ்செய்திகளும் வருகின்றன. "இன்று இரவு கணக்கு முடக்கப்படும்" என்று ஓர் இணைப்பு அல்லது கைபேசியில் செயலியை நிறுவும் ஒரு .apk கோப்பு. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடவே தொடாதீர்கள், அது உண்மையான செய்தியாகவே இருந்தாலும் சரி. வங்கியின் செயலியை நீங்களே திறந்து உள்ளே போங்கள், அல்லது முகவரியை நீங்களே தட்டுங்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரி .bank.in என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

வீடியோவில் இதைவிட எளிய அடையாளம் ஒன்று உண்டு. வீடியோ கேஒய்சி வங்கியின் சொந்தத் தளத்திலிருந்துதான் நடக்க வேண்டும், பேசுபவர் வங்கியின் ஊழியராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு வந்தால் அது மோசடி. திரையைப் பகிரச் சொன்னாலும் அப்படியே. ஓடிபி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் குழப்பம் வரும், ஏனென்றால் உண்மையான நடைமுறையிலும் ஆதார் ஓடிபி கேட்கும். வித்தியாசம் இதுதான்: அதைத் திரையில் நீங்களே தட்டுவீர்கள். வாயால் சொல்லச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால் உடனே 1930-க்குப் பேசுங்கள்.

## 3. வீடியோ உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நேராக வீடியோவுக்குப் போய், வரிசையில் நின்று, தோற்று, வெறுத்துப்போகிறார்கள். உங்கள் நிலைமை எது என்று முதலில் தீர்மானியுங்கள்.

முன்பு கொடுத்த விவரத்தில் எதுவுமே மாறவில்லை என்றால், "மாற்றம் இல்லை" என்று சுயஉறுதி கொடுத்தால் போதும். செயலி, நெட்பேங்கிங், பதிவு செய்த கைபேசி, மின்னஞ்சல், ஏடிஎம், கடிதம் என எதில் வேண்டுமானாலும் தரலாம், எந்த வழி திறந்திருக்கிறது என்பது வங்கியைப் பொறுத்தது. செயலியில் பெரும்பாலும் Re-KYC அல்லது Update KYC என்று இருக்கும். ஐந்து நிமிட வேலை.

முகவரி மட்டும் மாறியிருந்தால் புது முகவரியைச் சுயஉறுதியாகக் கொடுக்கலாம். வங்கி இரண்டு மாதத்துக்குள் அந்த முகவரியைச் சரிபார்க்கும், அதாவது கடிதம் அனுப்பியோ ஆளை அனுப்பியோ. கடிதம் திரும்பிப் போனால் வேலை கெட்டது, அதனால் கதவு எண்ணை ஒழுங்காக எழுதுங்கள்.

வங்கியிடம் இருக்கும் ஆவணமே செல்லாததாகிவிட்டால்தான் புதிதாக முழு கேஒய்சி. அதை நேரில் செய்யலாம், இல்லையென்றால் வீடியோவில். அது எப்போது என்றால், கொடுத்த ஆவணம் காலாவதியாகியிருக்க வேண்டும், அல்லது இப்போதைய பட்டியலில் இல்லாததாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருப்பவை பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, ஆதார், நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். ரேஷன் கார்டு இதில் இல்லை. பழைய கணக்குகள் பலவற்றுக்கு அதைத்தான் கொடுத்திருப்பார்கள். பான் கார்டும் இதில் இல்லை, அது தனியாக வேண்டும். சிறுவயதில் தொடங்கிய கணக்குக்காரர் 18 வயதைத் தாண்டியிருந்தாலும் புதுப் புகைப்படமும் ஆவணமும் கேட்பார்கள்.

பெரியம்மா 2015-இல் கொடுத்தது பாஸ்போர்ட் நகல். அது காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. "வீடு மாறலையே தம்பி, மாற்றம் இல்லைன்னு போட்டுடேன்" என்றார். செயலியில் போட்டுப் பார்த்தேன், மறுநாளே நிராகரித்துவிட்டது. அதனால்தான் வீடியோ.

## 4. அழைப்புக்கு ஒரு வாரம் முன்பே சரிபார்க்க வேண்டியவை

ஆதாரில் இருக்கும் கைபேசி எண். ஆதார் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். பழைய எண் என்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். myaadhaar.uidai.gov.in தளத்தில் நுழைய முயன்றால் ஓடிபி வருகிறதா என்று தெரிந்துவிடும். வரவில்லையென்றால் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். வங்கியில் பதிந்த கைபேசி எண்ணும் ஆதாரில் பதிந்த கைபேசி எண்ணும் ஒன்றாக இருப்பது நல்லது. ஓடிபி வழியில் மட்டும் புதுப்பிக்கும்போது அது கட்டாயம்.

பெயர். நம் ஊர்க்காரர்கள் அதிகம் தோற்பது இங்கேதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆனால் பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, அதனால் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து எழுதியிருப்போம். ஆதாரில் "எஸ். லட்சுமி", பானில் "லட்சுமி சுப்பிரமணியன்", பாஸ்புக்கில் "லட்சுமி எஸ்". நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். இனிஷியல் முன்னே பின்னே இருப்பதை அதிகாரிகள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். திருமணத்துக்கு முன் எடுத்த பானில் அப்பா பெயரும், பின்னால் எடுத்த ஆதாரில் கணவர் பெயரும் இருந்தால் விட மாட்டார்கள். அப்போது ஏதாவது ஒன்றைத் திருத்தியாக வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதனால் எந்த வடிவம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு மாற்றுங்கள்.

பான் கார்டு. அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். நகலைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். இ-பான் இருந்தால் அதைக் கொடுக்க விதியில் இடம் உண்டு, ஆனால் எப்படி வாங்குவார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இருக்கும் இடம். அழைப்பின்போது நீங்கள் இந்தியாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டு இணைய முகவரியிலிருந்து வரும் இணைப்பை வங்கியின் அமைப்பு தடுத்தாக வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது முடித்துக்கொள்வதுதான் சுலபம். முடியாவிட்டால் இந்தியத் தூதரகம், அங்குள்ள நோட்டரி, இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளை என எங்காவது சான்றொப்பம் வாங்கி நகலை அனுப்பலாம். ஊரில் இருந்துகொண்டு, இணைய முகவரியை மாற்றிக் காட்டும் விபிஎன் போட்டிருந்தாலும் இதே தடைதான், அணைத்துவிடுங்கள்.

கூட்டுக் கணக்கு என்றால் இன்னொன்று. கேஒய்சி ஆளுக்குத்தான், கணக்குக்கு அல்ல. இருவரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

## 5. அழைப்பு நாளில்

ஆதார் கோப்பை முன்கூட்டியே இறக்கி வைக்காதீர்கள். ஆஃப்லைன் எக்ஸ்எம்எல் அல்லது க்யூஆர் வழியில் போனால், அது எடுத்து மூன்று வேலை நாளுக்குள் வீடியோ நடக்க வேண்டும். நான் முதல் முறை தோற்றது இதனால்தான். ஒரு வெள்ளிக்கிழமையே எல்லாம் தயார் செய்து வைத்து, அடுத்த வாரம் வியாழன் உட்கார்ந்தேன். இப்போது பல வங்கிகளில் திரையிலேயே டிஜிலாக்கர் அல்லது ஓடிபி வழியாக எடுத்துக்கொள்கிறார்கள், அந்தத் தொல்லை இல்லை.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்தபடி உட்காருங்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும், ஆதார் படத்தோடு பொருந்தாது. கைபேசியில் இருப்பிடம், கேமரா, மைக் மூன்றுக்கும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இருப்பிடம் பதிவாகாமல் அழைப்பே தொடங்காது. வெள்ளைத் தாளும் கறுப்புப் பேனாவும் பக்கத்தில் வையுங்கள், கையெழுத்து போட்டுக் காட்டச் சொல்வார்கள். வீட்டில் இணையம் திணறும் என்றால் சிக்னல் நன்றாக வரும் இடத்துக்குப் போங்கள். நடுவில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடர முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். வங்கி வேலை நேரத்தில் மதிய உணவுக்கு முன்னால் முயன்றால் காத்திருப்பு குறைவு என்பது என் அனுபவம்.

## 6. அழைப்பில் என்ன நடக்கும்

அதிகாரி பெயர், பிறந்த தேதி, முகவரி என்று சில கேள்விகள் கேட்பார். கேள்விகளின் வரிசையும் வகையும் ஆளுக்கு ஆள் மாற்றியே கேட்க வேண்டும் என்று இருப்பதால், மனப்பாடம் செய்து பயனில்லை. முன்பே பதிவு செய்த வீடியோ ஓடவில்லை, உண்மையான ஆள்தான் பேசுகிறார் என்று உறுதி செய்யவே இது. அதற்காகவே தலையைத் திருப்பச் சொல்வார்கள், திரையில் வரும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். பிறகு பான் அட்டையைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து, வருமான வரித்துறைத் தரவோடு ஒப்பிடுவார்கள்.

இரண்டாவது முறை நாங்கள் தோற்றது இந்த இடத்தில். பெரியம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பிறந்த தேதியைக் கேட்டதும் திணறினார். நான் பின்னாலிருந்து "ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு" என்று கிசுகிசுத்தேன். "மேடம், பக்கத்தில் யாராவது இருக்காங்களா?" என்றார் அந்த அதிகாரி. அவ்வளவுதான், அழைப்பு முடிந்தது. எனக்குக் கோபம். பிறகுதான் தெரிந்தது, வாடிக்கையாளர் பக்கத்தில் யாராவது சொல்லிக் கொடுப்பது தெரிந்தால் நிராகரிக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. யாரையாவது மிரட்டி உட்கார வைத்துச் செய்ய வைக்கலாம் அல்லவா, அதற்கான காவல் அது. மூன்றாவது முறை இணைப்பு வரும்வரை கூட இருந்துவிட்டு, இயர்போனை மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். தமிழில் பேசும் அதிகாரி வேண்டும் என்று தொடக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுத்ததும் உதவியது. ஒன்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்.

கண் சிமிட்டச் சொல்வதும் உண்டு. அது முடியாதவர்கள் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் இந்த நடைமுறையால் ஒதுக்கப்படக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு விதியும் திருத்தப்பட்டது. அதிகாரியிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

## 7. முடிந்ததும் கண்ணை மூடிவிடாதீர்கள்

அதிகாரி "முடிந்தது" என்றாலும் பின்னால் இன்னொருவர் பதிவைத் தணிக்கை செய்வார். அதனால் செயலியில் பழைய நிலைமையே இரண்டு மூன்று நாள் தெரியலாம். ஒரு வாரம் தாண்டியும் மாறவில்லையென்றால் கேளுங்கள். கோரிக்கை எண்ணையும் தேதியையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் வாங்கியதற்குத் தேதியுடன் ஒப்புகை தருவது வங்கியின் கடமை, கிளையில் கொடுத்தாலும் அப்படியே. பின்னால் "நீங்கள் தரவே இல்லை" என்று பேச்சு வந்தால் இந்தச் சீட்டுதான் பேசும்.

## 8. கண்டுகொள்ளாமல் விட்டால்

கணக்கு ஒரே நாளில் மூடப்படாது. தளர்வு இல்லாதவர்களுக்கும் தளர்வுக் காலம் முடிந்தவர்களுக்கும் வழக்கமாகப் பணம் வெளியே போவதை நிறுத்துகிறார்கள், உள்ளே வருவது தொடரும். இதுதான் ஏமாற்றும். சம்பளம் வந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்போம். யுபிஐ தோற்றால் சர்வர் கோளாறு என்று நினைப்போம்.

என் எதிர்வீட்டுக்காரருக்கு 2024-இல் நடந்தது. தேதி ஒன்றில் சம்பளம் வந்தது, ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை 14,200 ரூபாய் பிடிபடவில்லை. பணம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் தவணை திரும்பியதற்கு வங்கி ஒரு கட்டணம் போட்டது, கடன் கொடுத்த நிறுவனம் தாமதக் கட்டணம் போட்டது. கேஒய்சியைப் பிறகு புதுப்பித்தும் அந்தத் தவறிய தவணைப் பதிவு கடன் அறிக்கையிலிருந்து போய்விடவில்லை. கணக்கு திறந்ததும் தவணை தானாகப் போய்ச் சேராது என்பதும் அவருக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. கையால் கட்டினார்.

பான் விஷயம் தனி. பான் எண்ணோ, பான் இல்லாதவர்கள் தரும் படிவம் 60-ஓ இல்லாத பழைய கணக்கை, அவை கிடைக்கும்வரை தற்காலிகமாக நிறுத்தி வைக்க விதி இருக்கிறது. வெறும் ஆதார் ஓடிபி வைத்து ஆன்லைனில் தொடங்கிய கணக்கும் வேறு கதை. அதில் ஓராண்டுக்குள் முழு கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கே மூடப்படும், 10 ஆண்டுக் கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது.

இதை செயலற்ற கணக்கோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. இரண்டு ஆண்டு நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகும், பத்தாண்டு அப்படியே கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். அப்போதும் பணம் உங்களுடையதுதான், வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம். கேஒய்சி முடக்கம் அப்படி இல்லை, தினமும் ஓடும் கணக்கிலும் வரும். ஆனால் முடங்கிய கணக்கை அப்படியே விட்டால், இரண்டு ஆண்டில் அதுவும் செயலற்றதாகிவிட வாய்ப்புண்டு.

## 9. முடங்கிவிட்டது, இப்போது?

முதலில் முடக்கம் எதனால் என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். கேஒய்சியா, செயலற்றதா, காவல்துறை அல்லது நீதிமன்ற உத்தரவா என்பதைப் பொறுத்து வழி மாறும். சைபர் மோசடிப் புகாரில் முடங்கிய கணக்கை எத்தனை முறை கேஒய்சி செய்தாலும் திறக்க முடியாது.

கேஒய்சிதான் காரணம் என்றால், செயலி உள்ளே விடுகிறதா என்று பாருங்கள். விட்டால் வீடியோ வழி இன்னும் திறந்திருக்கலாம். விடாவிட்டால் அதே வங்கியின் எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் போகலாம், கணக்கு இருக்கும் கிளைக்கே போக வேண்டும் என்பதில்லை. தென்காசிக் கணக்கை மதுரையில் புதுப்பிக்கலாம். "சொந்தக் கிளைக்குப் போங்கள்" என்று கவுன்டரில் சொன்னால், மேலாளரிடம் பணிவாக இதைச் சொல்லிப் பாருங்கள். இதற்குள் தவணை தேதி ஏதும் வருகிறதா என்று பார்த்து, வேறு கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள்.

எல்லாம் கொடுத்தும் திறக்கவில்லை என்றால், வங்கியில் எழுத்துப் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். தட்டச்சு வராதவர்கள் 14448-க்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஏழாவது படியில் வாங்கி வைத்த ஒப்புகைச் சீட்டை இங்கே இணைக்க வேண்டும். அது இல்லாமல் புகார் செய்தவர்களிடம் முதல் கேள்வியே "எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்?" என்பதுதான்.